பஞ்ச் டயலாக்கோட தாளத்த மட்டும் எடுத்து டேக்லைன் எழுதறது எப்படி

செந்தூல்ல, ப்ரிக்ஃபீல்ட்ஸ்ல, பினாங்கு லிட்டில் இந்தியாவுல நம்ம ஆளுங்க யாராச்சும் புதுசா கடை தொறக்கறாங்கன்னா பேனர் அடிக்க வர்றப்ப கேக்கற மொத விஷயம் "நல்லா பஞ்ச்சா ஒரு வரி போட்டுக் குடுங்க, படத்துல வர்ற மாதிரி". கேக்கறதுல தப்பே இல்ல. நம்ம காதுக்கு வசனம்னா என்னன்னு சொல்லிக் குடுத்ததே சினிமாதான், அதனால அந்தத் தாளத்துல வர்ற வரி டக்குன்னு மனசுல நிக்கும். ஆனா புதுசா எழுத வர்றவங்க பாதி பேர் தாளத்த எடுக்கறதுக்கு பதிலா வரியவே எடுத்துடறாங்க, ரெண்டு வார்த்தைய மாத்தி கடை பேர நடுவுல சொருகிட்டு முடிஞ்சதுன்னு நெனச்சுக்கறாங்க. ரெண்டும் வேற வேற வேலை. அத எப்படிப் பிரிச்சு செய்யறதுன்னு நான் எழுதின ஒரே ஒரு டேக்லைன வெச்சு மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் சொல்றேன்.

செந்தூல் பக்கம் மோட்டோ ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கற ஒரு அண்ணன் வந்தாரு. புது சைன்போர்டு, கூடவே ரேடியோவுக்கு 30 செகண்ட் ஸ்பாட் ஒண்ணு, ரெண்டுக்கும் ஒரே வரி வேணும். அவர் கடையோட நல்ல பேரு எதுனாலன்னா, எஞ்சின கழட்டிப் பாத்துட்டு ஒரு விலை சொல்வாரு, வேலை முடிஞ்சு மோட்டோ எடுக்கப் போறப்ப அதே விலைதான் இருக்கும், நடுவுல இது போச்சு அது போச்சுன்னு 40 வெள்ளி 60 வெள்ளி ஏத்த மாட்டாரு. அவரே ஒரு வரி எழுதிட்டு வந்திருந்தாரு: "நாங்க ஒரு தடவ ரிப்பேர் பண்ணா நூறு தடவ பண்ண மாதிரி."

எங்கேர்ந்து வந்ததுன்னு சொல்லவே வேணாம், 1995ல வந்த பாட்ஷா, பாலகுமாரன் வசனம். ஆனா இங்க அர்த்தத்தப் பாருங்க. நூறு தடவ ரிப்பேர் பண்ண மோட்டோவ யாராச்சும் வாங்குவாங்களா? படத்துல அந்த நூறு ஒரு மனுஷனோட வாக்குக்கு எடை ஏத்துது, ஒர்க்‌ஷாப் வாசல்ல அதே நூறு வண்டி நூறு தடவ படுத்துக்கிச்சுன்னு சொல்லுது. வரிய அப்படியே தூக்கினா இதான் நடக்கும், வார்த்தைங்க அதுங்களோட பழைய வேலையையும் தூக்கிட்டே வரும்.

மொத வேலை, வரிய எலும்பாக்கறது. உங்களுக்குப் புடிச்ச டயலாக் ஒண்ண எடுத்துக்குங்க, நடிகர் குரல்ல சொல்லாதீங்க, சும்மா நம்ம வீட்டுல பேசற மாதிரி மெதுவா சொல்லிட்டே மேசைய விரலால தட்டுங்க, ஒரு அசைக்கு ஒரு தட்டு. "நான் ஒரு தடவ சொன்னா", நான், ஒ-ரு, த-ட-வ, சொன்-னான்னு எட்டு தட்டு வரும். "நூறு தடவ சொன்ன மாதிரி", பத்து. ஆக ரெண்டு துண்டு, நடுவுல ஒரு மூச்சு. மொத துண்டு "சொன்னா"ன்னு நெடில்ல தொங்கிட்டு நிக்குது, அதாவது இன்னும் முடியலன்னு காதுக்குத் தெரியுது, மீதியக் கேக்க ஆள் காத்திருக்கான். ரெண்டாவது துண்டுல புதுசா அதிகமா ஒண்ணும் வரல, "தடவ" திரும்ப வருது, "சொன்ன" திரும்ப வருது, மாறினது ஒரே வார்த்தை, ஒரு போய் நூறு வந்துருச்சு. மொத்த பலமும் அந்த ஒரு மாத்தத்துலதான் இருக்கு. ஒருவும் நூறும் எதுகை மாதிரி ஒட்டறதால காது அத சுலபமா தாண்டிப் போகுது.

இப்ப ஒரு பேப்பர ரெண்டா மடிச்சு, ஒரு பக்கம் எலும்ப எழுதுங்க, இன்னொரு பக்கம் சதைய எழுதுங்க. இந்த வரியோட எலும்பு: ரெண்டு துண்டு, மொத துண்டு தொங்கணும், ரெண்டாவதுல பழசு திரும்பணும், ஒண்ணே ஒண்ணு மாறணும். இது யாருக்கும் சொந்தமில்ல, நம்ம பழமொழி, விடுகதை எல்லாத்துலயும் இதே எலும்பு இருக்கு. சதைன்னா நான், ஒரு, நூறு, தடவ, மாதிரி. இதுல எதையும் எடுத்துக்கக் கூடாது, முக்கியமா நூறுங்கற எண்ண. எண்ண வெச்சுட்டு மத்த எல்லாத்தையும் மாத்தினாலும் கேக்கறவனுக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வரும், உங்க கடை வராது.

இங்கதான் புதுசா எழுதறவங்க கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு, எனக்கே இது புரிய ரொம்ப நாளாச்சு. படத்துல பஞ்ச் டயலாக் யாரப் பாத்து சொல்றாங்க? பெரும்பாலும் எதிரியப் பாத்து. ஹீரோ வில்லன மிரட்டறாரு, இல்ல தன்னைய ஏளனமா பாத்தவனுக்கு பதில் சொல்றாரு. நம்ம டேக்லைன் யாரப் பாத்து சொல்லுது? காசு குடுக்க வர்ற கஸ்டமரப் பாத்து. எலும்பு மட்டும் வந்தா போதாது, அது பாக்கற திசையையும் திருப்பணும். 2016ல கபாலி வந்தப்ப, இங்கயே எடுத்த படம், நம்ம கதை, ஊரே கொண்டாடிச்சு, அந்த சூட்டுல நான் ஒரு கேட்டரிங் கடைக்கு கடைசில "டா" போட்டு முடியற வரி ஒண்ணு எழுதிக் குடுத்தேன். அவங்களுக்கும் ரொம்பப் புடிச்சிருந்தது. தீபாவளி ஆர்டர் எடுக்கறப்ப வயசான ஒரு அம்மா பேனரப் படிச்சிட்டு "யாரப்பா டா போட்டு கூப்பிடறீங்க, எங்களையா?"ன்னு கேட்டுட்டாங்க. அந்தக் கடைக்காரர் எனக்குப் போன் பண்ணி அத சொன்னப்ப என்கிட்ட பதிலே இல்ல, அந்த அம்மா கேட்டது முழுக்க நியாயம். பேனர கழட்டிட்டு வேற அடிச்சுக் குடுத்தேன், செலவு என்னோடது.

ரெண்டாவது வேலை, கடைக்குப் போய் உக்காருங்க. டேக்லைனுக்கான வார்த்தைய படத்துலேர்ந்து எடுக்காம அந்தத் தொழில்லேர்ந்து எடுக்கணும், அதுக்கு குறைஞ்சது ஒரு மணி நேரம் அங்க இருந்து அவங்க பேசறத அப்படியே எழுதிக்கணும். வினைச்சொல்லத்தான் முக்கியமா பாக்கணும், ஏன்னா தமிழ்ல வாக்கியத்தோட பாரம் போய் இறங்கறது வினையிலதான். ஒர்க்‌ஷாப்ல நான் எழுதிக்கிட்டதுல பாதி உதவாது, பிளக், கார்புரேட்டர், எண்ணெய் மாத்தறது, எல்லா ஒர்க்‌ஷாப்புக்கும் பொருந்தற வார்த்தைங்க. ஆனா அந்த அண்ணன் பையன்கிட்ட சொன்னது ஒண்ணு காதுல மாட்டிக்கிச்சு: "கழட்டிட்டு கூப்பிடு, விலை சொல்லிட்டு அப்பறம் மாட்டலாம்."

அப்ப அது எனக்கு டேக்லைனா தெரியல, எழுதி மட்டும் வெச்சேன். வீட்டுக்கு வந்து மொதல்ல எழுதினது "விலை சொன்னோம்னா சொன்னதுதான்". துண்டு ரெண்டு இருக்கு, திரும்ப வர்றது இருக்கு, சொல்லிப் பாத்தா மிடுக்காவும் இருக்கு. மறுநாள் படிச்சா பேரம் பேசாதன்னு மிரட்டற மாதிரி இருக்கு. திசை திரும்பவே இல்ல. நேர்மைய சொல்ல வந்த வரி கறாரா போய் நின்னுடுச்சு.

அடுத்தது "திறக்கும்போது சொன்ன விலை, மூடும்போதும் அதான்". இது எனக்கு ரொம்பப் புடிச்சிருந்தது. மொத துண்டு "விலை"ன்னு தொங்குது, என்ன ஆச்சு அந்த விலைக்குன்னு கேக்க வெக்குது, ரெண்டாவது துண்டு சின்னதா வந்து "அதான்"னு கதவ சாத்துது. திறக்கறதும் மூடறதும்தான் மாறுது, மத்தது நிக்குது. திசையும் சரி, கஸ்டமருக்கு இருக்கற பயத்துக்கு நேரா பதில் சொல்லுது. ஆனா அண்ணனோட மனைவி படிச்சிட்டு கேட்டாங்க, "கடை திறக்கற நேரம் மூடற நேரமா தம்பி?" சைன்போர்டுல திறக்கறதுன்னா எல்லாரும் கடையத்தான் நெனைப்பாங்க, எஞ்சின நெனைக்க மாட்டாங்க. எஞ்சின்னு சேத்தா வரி நீண்டுரும், தாளம் போயிரும்.

நோட்ட எடுத்தேன், கழட்டறது மாட்டறது அங்கயே கெடந்தது. கழட்டு, மாட்டு, ரெண்டுலயும் அந்த "ட்டு" இருக்கு, ஒத்த ஓசைய நான் தேடவே வேணாம், தொழிலே வெச்சிருக்கு.

"கழட்டும்போது சொன்ன விலை. மாட்டும்போதும் அதான்."

தட்டிப் பாருங்க, ஒன்பது, ஆறு. பாட்ஷா வரில ரெண்டாவது துண்டு பெருசு, இதுல ரெண்டாவது துண்டு சின்னது. வேணும்னேதான் அப்படி விட்டேன், ஏன்னா பெருமை பேசற வரி போகப் போக ஏறணும், வாக்கு குடுக்கற வரி சீக்கிரம் முடிஞ்சுடணும். இழுத்து இழுத்து வாக்கு குடுக்கறவன யாரும் நம்ப மாட்டாங்க. கடைசி அசை "தான்", நெடிலும் ஒத்தும், குரல் அங்க தானா இறங்கி நின்னுரும், அதுக்கு மேல ஆச்சரியக்குறி போட வேண்டிய அவசியமே இல்ல. நீங்க எழுதற வரிக்கு மூணு ஆச்சரியக்குறி தேவைப்படுதுன்னா முடிவுல அசை சரியா விழலன்னு அர்த்தம், குறிய எடுத்துட்டு கடைசி வார்த்தைய மாத்துங்க.

மூணாவது வேலை, பழசாயிருமான்னு பாக்கறது. ஒரு வரி பழசாகறது பெரும்பாலும் தாளத்தால இல்ல, வார்த்தையாலதான். மாஸ், கெத்து, தெறி, வேற லெவல், இதெல்லாம் ஒவ்வொரு காலத்துல வந்து உக்காந்த வார்த்தைங்க, கேட்டதும் வருஷம் தெரிஞ்சுடும். சைன்போர்டு அஞ்சு பத்து வருஷம் தொங்கும், அந்த வார்த்தை அவ்ளோ நாள் தாங்காது. ஒரு வார பசார் மாலாம் ஆஃபருக்கு தாராளமா போடுங்க, போர்டுக்கு வேணாம். கழட்டறது, மாட்டறது, விலை, சொன்னது, இதெல்லாம் நம்ம தாத்தாவும் பேசினாரு, நம்ம பிள்ளைங்களும் பேசும்.

தாளத்துக்கும் வயசு உண்டுதான், அது வேற விதம். 1952ல வந்த பராசக்தி கோர்ட் சீன் எல்லாருக்கும் தெரியும், கலைஞர் எழுதினது, அடுக்கடுக்கா எழுத்துத் தமிழ்ல ஏறிட்டே போகும், மேடைல கைதட்டல் வாங்கற தாளம் அது. அந்த அடுக்க டேக்லைன்ல வெச்சா, "தரமும் உண்டு, தன்மையும் உண்டு, தள்ளுபடியும் உண்டு"ன்னு, கல்யாண மேடைல வாழ்த்துப்பா படிக்கற மாதிரி ஆயிரும். 90கள்ல வந்தது ஒத்த வரி பஞ்ச், "நான்"ல ஆரம்பிக்கற தாளம், அதுல எலும்ப எடுக்கலாம் ஆனா "நான்", "நாங்க" ரெண்டையும் வெளிய விட்டுடுங்க. மேல பாருங்க, ஒர்க்‌ஷாப் வரில யார் சொல்றாங்கன்னே இல்ல. ஆள எடுத்துட்டா பாதி பழைய வாசனை போயிரும். இப்ப வர்ற படங்கள்ல நல்ல வசனம் பாதில நிறுத்திட்டுப் போற மாதிரி சாதாரணமா இருக்கு, அந்த சாதாரணத்த "அதான்" குடுக்குது.

இன்னொரு சோதனை ரொம்ப சுலபம். வரிய எழுதிட்டு மூணு பேர்கிட்ட குடுத்து சத்தமா படிக்கச் சொல்லுங்க, எந்தப் படம்னு எதுவும் சொல்லாதீங்க. அவங்க தானா ஒரு நடிகர் குரல்ல படிச்சாங்கன்னா நீங்க இன்னும் காப்பிதான் வெச்சிருக்கீங்க, எலும்போட சதையும் ஒட்டிட்டு வந்திருக்கு. சும்மா அவங்க குரல்ல படிச்சிட்டு கடைசி வார்த்தைல கொஞ்சம் அழுத்தம் குடுத்தாங்கன்னா சரியா வந்திருக்கு. மூணு பேர்ல ஒருத்தர் படமே பாக்காதவரா இருக்கணும், வரி அவருக்கும் புரியணும். ஒர்க்‌ஷாப் வரிய படிச்சதுல ஒரு பையன் மட்டும் "ஏதோ படத்துல வர்ற மாதிரி இருக்கே, எதுன்னு தெரியல"ன்னான். நமக்கு வேண்டியது அந்த "எதுன்னு தெரியல"தான்.

ரேடியோ ஸ்பாட்டுல இது இன்னும் முக்கியம், ஏன்னா ரெக்கார்டிங்குக்கு வர்றவங்கள்ல மிமிக்ரி தெரிஞ்சவங்க நிறைய பேர், கேக்காமலே நடிகர் குரல்ல ஒரு டேக் குடுப்பாங்க, ஸ்டூடியோவுல எல்லாரும் சிரிப்பாங்க, அதையே வெச்சுக்கலாம்னு தோணும். வேணாம். இந்தியாவுல ரஜினிகாந்த் ஒரு ஹிந்திப் படத்து மேல கேஸ் போட்டு, 2015ல சென்னை ஹைகோர்ட் அவரோட பேரு, உருவம் மட்டுமில்ல, அவர் டயலாக் பேசற ஸ்டைலையும் அந்தப் படத்துல பயன்படுத்தக் கூடாதுன்னு தடை போட்டிருக்கு. அது அந்த நாட்டுத் தீர்ப்பு, இங்க நம்ம கோர்ட்ட கட்டாது, ஆனா ஒரு நடிகர் பேசற விதம் அவரோட சொத்துன்னு வாதாட முடியும்னு அதுலேர்ந்து தெரியுது. படப் பேரு, போஸ்டர் எழுத்து, ஹீரோ நிழல் உருவம் இதையெல்லாம் டேக்லைன் பக்கத்துல வெச்சுட்டு "வரிய மாத்திட்டோமே"ன்னு சொன்னா எடுபடாது. எங்க ஸ்பாட்டுல அண்ணனே பேசினாரு, கையில ஸ்பேனர் வெச்சுட்டு, கீழ வெக்கற சத்தத்தோட "அதான்". ரெண்டு துண்டுக்கு நடுவுல அரை செகண்ட் சும்மா விடச் சொன்னேன். எடிட் பண்றவர் அந்த இடைவெளிய வெட்டிடுவாரு, டைம் மிச்சம் பண்றதா நெனச்சு. அது நின்னாத்தான் மொத துண்டு தொங்கும், அதனால பக்கத்துல உக்காந்து பாத்துக்குங்க.

கடைசியா போர்டு. கேஎல்ல சைன்போர்டுல பாசா மலேசியாதான் பெருசா முன்னுக்கு இருக்கணும், தமிழ் அதுக்குக் கீழ சின்னதாதான் வரும். அதனால அஞ்சு வார்த்தைக்கு மேல போனா எதிர்ப்பக்கத்து ரோட்டுலேர்ந்து ஒண்ணும் தெரியாது. ஏ4 பேப்பர்ல அடிச்சு செவுத்துல ஒட்டிட்டு பத்து அடி தள்ளி நின்னு படிச்சுப் பாருங்க, ரெண்டு தடவ கண்ணு சுருங்கிச்சுன்னா வரி நீளம்.

டிசைனர்கிட்ட குடுக்கறப்ப வாட்ஸ்அப்ல டைப் பண்ணி மட்டும் அனுப்பாதீங்க, எங்க வரி உடையணும்னு கையால எழுதிக் காட்டுங்க, ஏன்னா போர்டுல தாளம் உக்காந்திருக்கறது அந்த உடையற இடத்துலதான். எங்களுக்கு மொத டிசைன் இப்படி வந்தது, மேல் வரில "கழட்டும்போது சொன்ன", கீழ் வரில "விலை மாட்டும் போதும் அதான்". டிசைனர் தமிழ் படிக்கத் தெரியாத சீனப் பையன், அவன் மேல தப்பில்ல, இடத்துக்குத் தகுந்த மாதிரி சமமா பிரிச்சான். ஆனா "விலை" கீழ இறங்கினதும் தொங்கறது போச்சு, "மாட்டும் போதும்"னு நடுவுல இடம் விட்டதும் போதும் போதும்னு சொல்ற மாதிரி ஆயிருச்சு. மாட்டும்போதும்னு சேத்து எழுதணும், விலை மேல் வரில முடியணும், மேல் வரி நீளமா கீழ் வரி சின்னதா இடது பக்கம் ஒட்டி நிக்கணும், நடுவாந்தரமா வெக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தேன், ரெண்டாவது தடவ சரியா வந்தது.

எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழாங்கற சண்டை கண்டிப்பா வரும், அதுக்கும் தயாரா இருங்க. அண்ணனோட பழைய கஸ்டமர் ஒருத்தர், தமிழ்ப்பள்ளி வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர், "கழற்றும்போது கூறிய விலை, மாட்டும்போதும் அதுவே"ன்னு திருத்திக் குடுத்தாரு. இலக்கணப்படி அவர் சொன்னது சரி, மரியாதையோடதான் கேட்டுக்கிட்டேன். ஆனா "அதுவே"ன்னு முடிச்சா வாய் திறந்தே நிக்குது, வரி முடியல. "கூறிய"ன்னு எந்த ஒர்க்‌ஷாப்லயும் யாரும் சொல்றதில்ல. அத அவர்கிட்டயே ரெண்டு விதமாவும் சத்தமா படிச்சுக் காட்டினேன், கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "ழகரத்த மட்டும் ஒழுங்கா போடு, அது போதும்"ன்னாரு. போர்டு அடிக்கக் குடுக்கறதுக்கு முன்ன ஃபாண்ட்ல "ழ" உடையாம வருதான்னு பெருசு பண்ணிப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன்.